விரைவு நடை: கடிகாரம் காட்டும் ‘கொழுப்பு எரியும் மண்டலம்’ உண்மைதானா?

மாணவர்களே, உடற்பயிற்சிக் கூடத்தில் உள்ள டிரெட்மில் இயந்திரத்தின் முகப்பைப் பார்த்திருக்கிறீர்களா? பல இயந்திரங்களில் வயதையும் இதயத் துடிப்பையும் இணைத்து ஒரு வண்ணப் படம் ஒட்டியிருப்பார்கள். அதில் மிதமான வேகத்துக்குரிய பட்டையில் ‘கொழுப்பு எரியும் மண்டலம்’ என்று எழுதியிருக்கும். இப்போது அதே படம் கைக்கடிகாரத்துக்கும் வந்துவிட்டது. நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று நடக்க நடக்க நிறம் மாறுகிறது. எடை குறைக்க நடக்கத் தொடங்கிய பெரியவர்கள் பலர், பச்சையைத் தாண்டினால் கொழுப்பு கரையாது என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது சரிதானா என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். கூட்டல், கழித்தல், விழுக்காடு தெரிந்தால் போதும்.

கணக்குக்காக ஓர் அத்தையைக் கற்பனை செய்துகொள்வோம். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வயது 45, எடை 78 கிலோ. பல ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. மருத்துவரிடம் காட்டி, நடக்கலாம் என்ற அனுமதியும் வாங்கிவிட்டார். நாளைக் காலை முதல் விரைவு நடை.

நாடியை எண்ணுவது எப்படி?

தசைகள் வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. அதைக் கொண்டுபோவது இரத்தம், தள்ளுவது இதயம். நடை வேகம் கூடினால் ஆக்சிஜன் தேவை கூடும், துடிப்பும் ஏறக்குறைய அதே அளவில் நேர்கோடாக ஏறும். அதனால்தான் துடிப்பைக் கொண்டு உழைப்பை அளக்க முடிகிறது.

முதலில் ஓய்வுத் துடிப்பு. காலையில் கண் விழித்ததும், எழுந்து நடமாடுவதற்கு முன், காப்பி குடிப்பதற்கு முன் அளக்க வேண்டும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் தொடக்கூடாது, அதிலேயே நாடி துடிப்பதால் குழப்பும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுத்தால் நல்லது. நம் அத்தைக்கு 80 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது மருத்துவப் பாடம். ஆனால் அதற்குள்ளேயே, நன்றாகப் பயிற்சி செய்பவருக்குக் குறைவாகவும் பயிற்சி இல்லாதவருக்குக் கூடுதலாகவும் இருக்கும்.

நடையின்போது எண்ணுவதற்கு ஒரு நிமிடம் காத்திருக்க முடியாது. நின்றவுடன் துடிப்பு வேகமாக இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே நின்ற அடுத்த கணமே 15 விநாடி எண்ணி 4 ஆல் பெருக்க வேண்டும். இங்கே ஒரு சின்னப் பிழை அடிக்கடி நடக்கும். கடிகாரத்தைத் தொடங்கும்போது கேட்கும் முதல் துடிப்பைப் ‘பூஜ்யம்’ என்று எண்ண வேண்டும், ‘ஒன்று’ என்று எண்ணக்கூடாது. நாம் எண்ணுவது துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளைத்தான். ஒன்றில் தொடங்கினால் முடிவில் 4 கூடிவிடும்.

கடிகாரம் இருக்க எண்ணுவது எதற்கு என்று கேட்கலாம். கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் சென்று, இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதைப் பொறுத்துத் திரும்பி வருகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் துடிப்பாகக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், கை வீசும் அசைவையே துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொள்ளும். விரைவு நடையில் நிமிடத்துக்கு 110, 120 அடி வைப்போம். இதயத்துடிப்பும் அதற்கு அருகிலேயே இருப்பதால் தவறு நடந்தாலும் கண்ணில் படாது. சந்தேகம் வந்தால் நின்று நாடியை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், பட்டையை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்ட வேண்டும்.

விமானத்தில் பிறந்த சூத்திரம்

அடுத்து உச்சத் துடிப்பு. அதாவது, ஒருவர் தம்மால் முடிந்த அளவு ஓடும்போது இதயம் எட்டக்கூடிய எல்லை. இதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது, அதுவும் இப்போதுதான் நடக்கத் தொடங்கும் அத்தையை வைத்து. எனவே வயதைக் கொண்டு மதிப்பிடுகிறோம். நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சூத்திரம் இது:

உச்சத் துடிப்பு = 220 − வயது

உலகம் முழுவதும் புழங்கும் இந்தச் சூத்திரம் வந்த கதை சுவையானது. 1970 வாக்கில் அமெரிக்காவில் சாமுவேல் ஃபாக்ஸ் என்ற மருத்துவரும் வில்லியம் ஹாஸ்கெல் என்ற இளம் ஆய்வாளரும் ஒரு கூட்டத்துக்காக விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். இதய நோயாளிகள் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக உடற்பயிற்சி செய்யலாம் என்பது அவர்களுடைய கேள்வி. பத்து அளவிலான பழைய ஆய்வுகளிலிருந்து ஹாஸ்கெல் எடுத்து வைத்திருந்த புள்ளிகளை வரைபடத்தில் வைத்து, நடுவே ஒரு கோடு இழுத்தார்கள். 20 வயதில் 200, 40 வயதில் 180, 60 வயதில் 160 என்று அழகாக அமைந்தது. அப்படியானால் 220லிருந்து வயதைக் கழித்தால் போதுமே! இது யாருக்கும் கறாரான விதியாக இருக்கும் என்று தாங்கள் நினைக்கவில்லை என்று ஹாஸ்கெல் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் நினைவில் வைக்க எளிதாக இருந்ததால், சூத்திரம் அவர்களைக் கேட்காமலேயே சுவரொட்டிகளிலும் இயந்திரங்களிலும் ஏறிவிட்டது.

2001இல் ஹிரோஃபுமி தனாகாவும் அவருடைய குழுவினரும் பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கொஞ்சம் திருத்தினார்கள்:

உச்சத் துடிப்பு = 208 − (0.7 × வயது)

45 வயதுக்கு முதல் சூத்திரம் 175 தருகிறது, இரண்டாவது 176.5 தருகிறது. பெரிய வேறுபாடில்லை. ஆனால் 65 வயதுத் தாத்தாவுக்குப் போட்டுப் பாருங்கள்: 155க்கும் 162.5க்கும் இடைவெளி தெரியும். 15 வயதான உங்களுக்கு அது எதிர்ப்பக்கம் திரும்பும்.

இரண்டுமே சராசரிதான் என்பதை மறக்கக்கூடாது. ஒரே வயதுடைய இருவரில் ஒருவருக்கு உச்சம் 165 ஆகவும் மற்றவருக்கு 187 ஆகவும் இருப்பது அபூர்வமன்று. எவருக்கும் 10 துடிப்பு இப்படியோ அப்படியோ தவறக்கூடிய மதிப்பீடு இது. ஆகவே கடிகாரம் காட்டும் மண்டல எல்லையைப் பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண் போல எண்ண வேண்டாம்.

அத்தையின் மண்டலம் எது?

பெரும்பாலான கடிகாரங்கள் உச்சத் துடிப்பை நேராக விழுக்காடாகப் பிரிக்கும். 50 முதல் 60 விழுக்காடு முதல் மண்டலம், 60 முதல் 70 இரண்டாவது, இப்படி ஐந்து. அத்தையின் உச்சத்தை 176 என்று வைத்தால், முதல் மண்டலம் 88இல் தொடங்குகிறது. அவருடைய ஓய்வுத் துடிப்போ 80. எழுந்துபோய் அடுப்பருகே நின்று தோசை சுட்டாலே 88 வந்துவிடும்! அதைப் பயிற்சி என்று கடிகாரம் எழுதிக்கொள்ளும். ஓய்வுத் துடிப்பைக் கணக்கில் சேர்க்காததால் வரும் கோளாறு இது.

இதற்குத் தீர்வு பின்லாந்திலிருந்து வந்தது. 1957இல் மார்ட்டி கார்வோனன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் சில இளைஞர்களை டிரெட்மில்லில் பழக்கி, எந்த அளவு துடிப்பில் பயிற்சி செய்தால் உடல் முன்னேறுகிறது என்று பார்த்தார்கள். அவர்கள் அளந்தது ஓய்வுக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள தூரத்தை. இதைத் துடிப்புச் சேமிப்பு என்று சொல்லலாம். வங்கிக் கணக்கில் எவ்வளவு செலவழிக்க மீதி இருக்கிறது என்பது போல.

அத்தையின் சேமிப்பு: 176 − 80 = 96.

மிதமான பயிற்சி என்பது இந்தச் சேமிப்பில் 40 முதல் 60 விழுக்காடு வரை செலவழிப்பது. 96இல் 40 விழுக்காடு ஏறக்குறைய 38. அதை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 118. 60 விழுக்காடு ஏறக்குறைய 58, கூட்டினால் 138. ஆக, அத்தைக்கு விரைவு நடையின் மண்டலம் 118 முதல் 138 வரை. அதற்குக் கீழே இருந்தால் கடைவீதி நடை. அதற்கு மேலே போனால் கடும் பயிற்சி. தொடக்கக்காரர் அங்கே நீண்ட நேரம் தாங்கமாட்டார்.

15 விநாடிக் கணக்கில் இது 30 முதல் 34 துடிப்பு. அத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டு எண்களை மட்டும்தான்.

இனி வேகம். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் 100 மீட்டரை 72 விநாடியில் கடக்க வேண்டும். உங்கள் பள்ளித் திடலில் 400 மீட்டர் ஓடுதளம் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வேகத்திலேயே, பழக்கமில்லாத அத்தைக்கு 132 வந்துவிடலாம். அப்படி வந்தால் அவர் ஏற்கெனவே மண்டலத்தின் மேல் பகுதியில் இருக்கிறார். ஓடவோ இன்னும் வேகமாக நடக்கவோ தேவையில்லை. அதே திடலில் படிவம் நான்கு மாணவர் ஒருவர் அருகில் நடந்தால், அவருக்கு 100கூடத் தாண்டாமல் போகலாம். இருவருக்கும் வேகம் ஒன்றே, மண்டலம் வேறு.

எண்கள் சரியா என்று சரிபார்க்கப் பேச்சுச் சோதனை உண்டு. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அப்படியானால் மிதமான மண்டலம். பாட்டே வருகிறதென்றால் வேகம் போதாது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கூடுதல். சூத்திரமும் பேச்சுச் சோதனையும் முரண்பட்டால் பேச்சுச் சோதனையை நம்புங்கள். சூத்திரம் ஆயிரம் பேரின் சராசரி, மூச்சு அத்தையுடையது.

பத்துமலையின் 272 படிகளை நினைத்துப் பாருங்கள். கீழே மண்டபத்தருகே பேசிக்கொண்டே வருபவர்கள் பாதிப் படியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மண்டலம் மாறுவதை நாம் காதாலேயே கேட்கலாம்.

கொழுப்பு எரியும் மண்டலம்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உடல் எந்த நேரமும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் சேர்த்தே எரிக்கிறது. மெதுவாக நடக்கும்போது கொழுப்பின் பங்கு கூடுதல். வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு ஏறும், ஏனென்றால் அதை விரைவாக ஆற்றலாக மாற்ற முடியும். இதுவரை டிரெட்மில் படம் சொல்வது உண்மைதான். ஏமாற்றம் ‘பங்கு’ என்ற சொல்லில் இருக்கிறது. சிறிய ரொட்டியில் பெரிய துண்டு, பெரிய ரொட்டியில் சிறிய துண்டைவிடச் சிறியதாக இருக்கலாம் அல்லவா?

78 கிலோ அத்தை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 117 கிலோகலோரி செலவாகும். மணிக்கு 5.6 கிலோமீட்டரில் நடந்தால் ஏறக்குறைய 168. கொழுப்பின் பங்கை மெதுநடைக்கு 60 விழுக்காடு, விரைவு நடைக்கு 50 விழுக்காடு என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். முதலாவதில் கொழுப்பிலிருந்து 70, இரண்டாவதில் 84. பங்கு குறைந்தது, அளவு கூடியது. மேலும், நடையின்போது மாவுச்சத்தை அதிகம் எரித்தால், பிறகு ஓய்வில் உடல் கொழுப்பை அதிகம் எரித்து ஈடுகட்டிக்கொள்ளும். எடைக்கு முக்கியம் நாள் முழுவதற்குமான வரவு செலவு. எந்த வண்ணத்தில் நடந்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம், எத்தனை நாள் நடந்தோம் என்பதே கணக்கில் சேரும். அந்த வகையில் மிதமான மண்டலத்துக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அங்கே அத்தையால் 30, 40 நிமிடம் நடக்க முடியும், மறுநாள் கால் வலிக்காமல் மீண்டும் வரவும் முடியும்.

சரி, எடை எவ்வளவு குறையும்? மேலே சொன்ன 168இல், அத்தை அந்த அரை மணி நேரம் நாற்காலியில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 39 அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் நடையால் கிடைத்த கூடுதல் 129. வாரம் ஐந்து நாள் நடந்தால் 645. பன்னிரண்டு வாரத்தில் 7,740. ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி. அதாவது மூன்று மாத நடைக்கு ஒரு கிலோ!

கசப்பான எண்தான். ஆனால் பலர் மூன்றாவது வாரத்தில் நடையை விட்டுவிடுவதற்குக் காரணம், இந்த எண்ணை யாரும் முன்பே சொல்லாததுதான் என்று நினைக்கிறேன். நடை முடிந்ததும் கடையில் அமர்ந்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் ஏறக்குறைய 300 கிலோகலோரி வந்து சேரும், தேத்தாரே தனி. இரண்டு நாள் நடை அந்த மேசையிலேயே கரைந்துவிடும். எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி தட்டில்தான் நடக்கிறது. நடை வேறு வேலைகளைச் செய்கிறது. இரத்தச் சர்க்கரையை இறக்குகிறது, இரத்த அழுத்தத்துக்கு உதவுகிறது, குறைத்த எடை திரும்பாமல் காக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைப்பது எடைக்காக மட்டுமன்று.

வெயில் காட்டும் பொய்க்கணக்கு

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிற்பகலில் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும், காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை காயாமல் வழிந்தே போவதால் உடல் குளிர்வதில்லை. உடலைக் குளிர்விக்க இதயம் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் இரத்தம் குறைவதால், அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. வேகம் மாறாமலேயே அரை மணி நேரத்தில் 10 துடிப்போ அதற்கு மேலோ கூடிவிடலாம். கடிகாரம் ஆரஞ்சு காட்டும். ஆனால் தசைகள் கூடுதலாக எதையும் எரிக்கவில்லை. பிளாஸ்டிக் வியர்வைச் சட்டை போட்டு நடப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அவர்கள் இழப்பது தண்ணீர், அதுவும் ஆபத்தான முறையில்.

அதனால் பொழுது விடியும் ஏழு மணி வாக்கில் நடப்பது கணக்குக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது. கிள்ளானில் இருப்பவர்களுக்குக் கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் உண்டு. நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்கப்பட்ட தளம் அது. மேல்தளமே கூரையாக நிழல் தருகிறது. ஏற்றம் அதிகமில்லாததால் ஒரே வேகத்தில் துடிப்பை அளந்து பழகவும் வசதி.

சிலருக்கு மேலே போட்ட கணக்கு எதுவுமே பொருந்தாது. இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ அட்டெனோலோல், பிசோப்ரோலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களின் துடிப்பை அந்த மருந்தே கட்டுப்படுத்துகிறது. எவ்வளவு நடந்தாலும் 118 வராது. எண்ணைத் துரத்தி அவர்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது. பேச்சுச் சோதனையும் மருத்துவரின் சொல்லும்தான் அவர்களுக்கு வழி. இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிகள் நடைக்கு முன் சர்க்கரை இறங்குவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். யாராக இருந்தாலும், நடக்கும்போது நெஞ்சு இறுகுவது, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, தலை சுற்றுவது ஆகியவை வந்தால் எந்த மண்டலத்தையும் பார்க்காமல் நிற்க வேண்டும். குறையவில்லை என்றால் 999.

பத்து வாரம் கழித்து

அத்தை விடாமல் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் 10 நிமிடத்தில் தொடங்கி, பிறகு மெல்ல 30 நிமிடத்துக்கு வருகிறார். பத்து வாரத்தில் எடை இயந்திரம் பெரிதாக மாறியிருக்காது. ஆனால் காலையில் நாடியை எண்ணினால் 80 இருந்த இடத்தில் 74 இருக்கலாம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் தள்ளப் பழகிவிட்டது என்பதற்கு இது அடையாளம்.

இப்போது அவருடைய கணக்கை மீண்டும் போட வேண்டும். சேமிப்பு 176 − 74 = 102. அதில் 40 விழுக்காடு 41, கூட்டினால் 115. 60 விழுக்காடு 61, கூட்டினால் 135. மண்டலம் 115 முதல் 135 வரையாக இறங்கிவிட்டது. முன்பு 132 காட்டிய மணிக்கு 5 கிலோமீட்டர் நடைக்கு இப்போது 116தான் வருகிறது. மண்டலத்தின் கீழ் விளிம்பு. நடந்துகொண்டே பாட்டுப் பாடவும் முடிகிறது! பழைய தடம் அவருக்கு இலேசாகிவிட்டது.

இதற்கு இரண்டு வழி உண்டு. 100 மீட்டரை 72 விநாடிக்குப் பதில் 65 விநாடியில் நடக்கலாம். முழங்கால் அதை விரும்பாவிட்டால், வேகத்தை மாற்றாமல் ஏற்றத்தைச் சேர்க்கலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெர்டானா தாவரவியல் பூங்கா மேடும் பள்ளமுமான இடம். ஒரு மேட்டில் ஏறி முடித்ததும் நின்று 15 விநாடி எண்ணினால் 33 வரவேண்டும். 36 வந்தால் அடுத்த மேட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு அத்தைக்கோ அப்பாவுக்கோ இந்தக் கணக்கைப் போட, இரண்டு எண்கள் வேண்டும்: வயது, காலை ஓய்வுத் துடிப்பு. இரண்டாவதை நாளை விடியலில், அவர் எழுந்திருக்கும் முன்பே எண்ணிவிடுங்கள்.